ஒரே ஆள், இரண்டு படம்: ஜாடை எங்கே போனது என்று தேடிய கதை

மதுரையில் ஒரு வார இறுதி ஓவிய வகுப்பில் முகம் வரையக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். கட்டணம் 12,000 ரூபாய். முடிவில் ஒரு மதிப்பீடு வைத்தார்கள். ஒரே ஆளை எல்லோரும் வரைய வேண்டும், அப்புறம் இரண்டு இரண்டு படமாகச் சுவரில் மாட்டி ஒப்பிட்டுப் பேசுவார்கள். என் படமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் படமும் ஜோடியாக மாட்டப்பட்டன. ஆசிரியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் அவள் படத்தையும் பிறகு என்னுடையதையும் காட்டி, “இதுல ஆள் இருக்காரு, அதுல இல்ல. முகம் அகலமாயிடுச்சு. ஷேடிங் இன்னும் வரணும், ஷேடிங் கிளாஸ்ல சேந்துக்கங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் மதிப்பீடு. தனியாக 6,000 ரூபாய் கட்டி ஷேடிங் வகுப்பில் சேர்ந்தேன். பென்சில் செட், நல்ல தாள், ஷேடிங்கைத் தேய்த்துப் பரப்பும் காகிதச் சுருளான ஸ்டம்ப், பிசைந்து ஒற்றும் நீடட் ரப்பர் என்று இன்னும் 3,000 ரூபாய்க்கு மேல் போனது. சில மாதம் உருண்டையும் கூம்பும் ஷேடிங் செய்த பிறகு அதே ஆளை மறுபடி வரைந்தால், முன்பைவிட வழவழப்பாக, அதே அந்நியர் தாளில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் சுவரில் ஜோடியாக மாட்டிய அந்த இரண்டு படத்தையும் நானே எடுத்து வைத்து அளந்து பார்க்க ஆரம்பித்தேன். வகுப்பில் யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தால் அந்தப் பணமும் மாதங்களும் மிஞ்சியிருக்கும். முக ஓவிய வகுப்பில் இருப்பவர்களுக்கோ, பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களுக்கோ பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வரைந்தது யாரை என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது தேவை. வகுப்பு நடக்கும் தெருவில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் அய்யா ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர். மாநிறத்தைவிட நன்றாகவே கறுப்பு, ஒட்டிய கன்னம், முன்வழுக்கை. புருவம் மட்டும் அடர்த்தியாக, நரைக்காமல் இருக்கும், அதிலும் இடது புருவம் எப்போதும் கொஞ்சம் தூக்கியே நிற்கும். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் போல. எனக்கு இடது கைப் பக்கம் ஜன்னல், தலைக்கு மேலே டியூப் லைட். நான் அவருக்கு நேர் எதிரே பெஞ்சில் தாளைப் படுக்க வைத்து வரைந்தேன். அந்தப் பெண் எனக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, மடியில் அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வரைந்தாள். இருவருமே நினைவுக்காக அவரவர் இடத்திலிருந்து அய்யாவைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தோம். அந்த இரண்டு போட்டோ மட்டும் இல்லையென்றால் பின்னால் ஒன்றுமே செய்திருக்க முடியாது. மாதிரிக்கு ஆள் உட்கார்ந்தால் அவர் அனுமதியோடு, நீங்கள் உட்கார்ந்த அதே இடத்திலிருந்து, உங்கள் கண் உயரத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய் எடுக்கக் கூடாது, ஜூம் செய்யலாம். போனை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். ஐந்து அடியிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டால் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். செல்பியை வைத்துப் படத்தை அளந்தால், சரியாக வரைந்தவருக்குத்தான் கெட்ட பெயர் கிடைக்கும்.

வகுப்பில் நடந்த ஒப்பீட்டில் முதல் கோளாறே என் படத்தை அவள் படத்தோடு ஒப்பிட்டதுதான். நாங்கள் இருவரும் வெவ்வேறு இடத்தில் இருந்தோம். அவள் பார்த்த முகம் கொஞ்சம் திரும்பியிருந்தது, அதனால் ஒடுங்கித் தெரியும். நான் பார்த்தது நேர்முகம். ஜன்னல் வெளிச்சமும் அப்படித்தான். அவள் இடத்திலிருந்து பார்த்தால் கன்னத்தின் நிழல் பக்கம் பெரிதாகத் தெரியும், எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் வெளிச்சமாகவே இருந்தது. நிழல் அதிகம் உள்ள கோணத்தில் முகத்தின் மேடுபள்ளம் தானாகவே எடுப்பாக வரும். இதைச் சொல்லாமல் “அவ ஷேடிங்க பாருங்க” என்றால் எப்படி? இரண்டு படத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் அது வரையப்பட்ட இடத்திலிருந்து தெரிந்த முகத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகுதான் எந்தப் படம் தன் முகத்துக்கு அதிகம் கிட்டே போயிருக்கிறது என்று கேட்க முடியும். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “எடுத்துட்டுப் போங்கக்கா, ஆனா மடிச்சிடாதீங்க” என்று படத்தையும் போட்டோவையும் தந்தாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஜாடையில் ஆரம்பித்தேன். ஜாடையை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது, ஆனால் சோதிக்க முடியும். இரண்டு படத்தையும் போனில் எடுத்து, தபால்தலை அளவுக்குச் சின்னதாக்கி, தெருமுனை டீக்கடை மாஸ்டரிடம் காட்டினேன். “நல்லாருக்கா?” என்று கேட்கவே கூடாது, கேட்டால் முகதாட்சண்யத்துக்காக நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். “இது யாரு?” என்று மட்டும் கேட்க வேண்டும். அவள் படத்தைக் காட்டியதும், “நம்ம தேய்ப்பு வண்டி அய்யால்ல” என்றார், டீ ஆற்றுவதை நிறுத்தக்கூட இல்லை. என்னுடையதைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவரு தம்பியா?” என்றார். அவருக்குத் தம்பியே கிடையாது. சின்னதாக்கிக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒருவரை அடையாளம் காண நமக்கு நுணுக்கம் தேவையில்லை. தூரத்தில் வரும்போதே, மங்கலாகவே தெரிந்துகொள்கிறோம். 1970களின் தொடக்கத்தில் ஆப்ரகாம் லிங்கன் முகத்தைச் சில நூறு கட்டங்களாகச் சிதைத்துக் காட்டினார்கள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கன் தெரிவார். ஆக, சின்னதாக்கிப் பார்க்கும்போது ஆள் தெரியவில்லை என்றால் கோளாறு இமை முடியிலோ தோல் சுருக்கத்திலோ இல்லை, பெரிய அமைப்பில் இருக்கிறது. ஷேடிங் வகுப்பில் நான் மாதக்கணக்கில் தேய்த்தது அந்த நுணுக்கத்தைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் தப்பு தெரியும் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். பாதிதான் உண்மை. வரையும்போது, கண், மூக்கு என்ற நினைப்பில்லாமல் வெறும் வடிவமாகப் பார்ப்பதற்குத் தலைகீழ் உதவும். நிழல் திட்டுகளின் உருவத்தை ஒப்பிடவும் உதவும். ஆனால் ஜாடையை அப்படிச் சோதிக்கக் கூடாது. பீட்டர் தாம்சன் என்ற உளவியலாளர் 1980இல் மார்கரெட் தாட்சரின் போட்டோவில் கண்ணையும் வாயையும் மட்டும் புரட்டி ஒட்டினார். படம் தலைகீழாக இருக்கும்வரை பெரிதாக எதுவும் தோன்றாது, நிமிர்த்தினால் கோரமாக இருக்கும். தலைகீழான முகத்தில் உறுப்புகளுக்கு இடையே உள்ள உறவை நம்மால் சரியாகப் படிக்க முடிவதில்லை. என் படத்தைத் தலைகீழாக மாட்டிப் பார்த்து “எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று நான் ஏமாந்ததற்கு இதுதான் காரணம். அதைவிடக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது நல்லது. இடம் வலம் மாறினால் பழகிப்போன கண்ணுக்குப் படம் புதிதாகிவிடும், ஒரு பக்கம் சரிந்திருப்பது உடனே தெரியும். ஆல்பெர்ட்டி என்ற இத்தாலியக் கலை அறிஞர் 1435லேயே ஓவியர்களுக்கு எழுதி வைத்த யோசனை அது. போனில் இடவலம் திருப்பும் வசதியிலும் இதைச் செய்துகொள்ளலாம்.

அடுத்து அளவு. நான் கண்டுபிடித்ததிலேயே உருப்படியானது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தலை உயரத்தில் சரிபாதியில் கண், தலை அகலத்தில் ஐந்து கண் அடங்கும், இரண்டு கண்ணுக்கு நடுவில் ஒரு கண் இடைவெளி என்றெல்லாம் எல்லா வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். அவை சராசரிகள். ஒரு முகம் எந்த இடத்தில் சராசரியிலிருந்து விலகுகிறதோ அங்கேதான் ஜாடை இருக்கிறது. தவிர, முகம் கொஞ்சம் திரும்பினாலே ஐந்து கண் கணக்கு செல்லாது. அதனால் சராசரியை விட்டுவிட்டு இப்படிச் செய்தேன். போட்டோவைப் பிரிண்ட் எடுத்து, அதில் சில நீளங்களை மில்லிமீட்டரில் அளந்தேன். அதே நீளங்களைப் படத்தில் அளந்தேன். படத்து அளவைப் போட்டோ அளவால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாக வரைந்திருக்கிறோம் என்று வரும். படம் சரியாக இருந்தால் எந்த நீளத்தை எடுத்தாலும் ஏறக்குறைய அதே மடங்குதான் வர வேண்டும். எது தனியாக விலகி நிற்கிறதோ அங்கே கோளாறு.

என் படத்தில் உச்சந்தலையிலிருந்து தாடை வரை 240 மில்லிமீட்டர், போட்டோவில் 96. இரண்டரை மடங்கு. தலையின் அகலம், காதை விட்டு, படத்தில் 173, போட்டோவில் 64. அது 2.7 மடங்கு. இதை மட்டும் பார்த்தால் ஆசிரியர் சொன்னது சரி, முகம் அகலம்தான். ஆனால் இரண்டு கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் 70க்கு 26, அதுவும் 2.7 மடங்கு. அகலவாக்கில் எல்லாம் ஒத்துப்போகிறது. அப்படியானால் அகலத்தின் மேல் சந்தேகப்படக் கூடாது, உயரத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து கண் வரை படத்தில் 100, போட்டோவில் 47. வெறும் 2.1 மடங்கு! கண்ணிலிருந்து தாடை வரை 140க்கு 49, 2.86 மடங்கு. மேலே நசுங்கி, கீழே நீண்டிருக்கிறது. கூட்டிப் பார்க்கும்போது ஒன்றை ஒன்று கொஞ்சம் மறைத்துவிட்டது. கடைசியாகக் கண்ணின் அகலம், 40க்கு பன்னிரண்டரை, 3.2 மடங்கு. முகம் அகலமே ஆகவில்லை. மண்டை குட்டையாகி, கண் பெரிதாகி, கீழ்முகம் நீண்டிருந்தது. ஆசிரியர் சொன்னதைக் கேட்டு நான் இரண்டாவது தடவை கன்னத்தை உள்ளே இழுத்து வரைந்திருந்தேன், அது இன்னும் மோசமானதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றுக்கும் இரண்டு காரணம். மண்டை குட்டையானதும் கண் பெரிதானதும் முகம் வரையப் பழகுகிறவர்களிடம் சகஜம். பார்வை முழுக்கக் கண்ணிலும் வாயிலும் இருப்பதால் அவை வளரும், ஒன்றும் இல்லாத நெற்றியும் வழுக்கையும் சுருங்கும். கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்பாமல் கண்ணாடி முன் போய் நின்று அளந்து பார்ப்பதும் அதனால்தான். கீழ்முகம் நீண்டதற்குக் காரணம் வேறு, பெஞ்சு. தாள் படுத்துக் கிடக்கும்போது நாம் அதைச் சாய்வாகப் பார்க்கிறோம், உயரவாக்கில் இருப்பதெல்லாம் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டி வரையும். சுவரில் மாட்டியதும் நீளம் அம்பலமாகும். அட்டையை மடியில் நிறுத்தி வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. அவள் படத்தை அளந்தபோது உயரம் 220க்கு 98, அகலம் 138க்கு 61, மேல்பாதி, கீழ்பாதி எல்லாமே 2.23க்கும் 2.26க்கும் நடுவில் நின்றன. கண் மட்டும் கொஞ்சம் பெரிது, 2.3 மடங்கு. தாளை நிறுத்தி வைக்கும் ஈசல் என்ற தாங்கி இல்லாத வகுப்பில் எத்தனை பேர் நீண்ட முகங்களாக வரைந்து தள்ளுகிறார்களோ! ஈசல் வாங்க வேண்டியதில்லை, ஒரு பிளைவுட் அட்டையும் இரண்டு கிளிப்பும் போதும். பார்வை தாளுக்குச் செங்குத்தாக விழ வேண்டும், அதுதான் கணக்கு. வரையும் நேரத்திலேயே இதைப் பிடிக்க வேண்டுமானால் பென்சிலைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கண்ணிலிருந்து தாடை வரை அளந்து, அதே அளவு மேலே உச்சி வரை எத்தனை தடவை போகிறது என்று பார்க்கலாம். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்ததும், படத்தின் மேல் டிரேசிங் பேப்பரைப் போட்டு மண்டையை உயர்த்தினேன், தாடையைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். தலை இப்போது ஒரு மனிதத் தலை. ஆனாலும் அய்யா வரவில்லை. அளவு சரியானால் ஜாடை தானாக வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கண்ணைச் சுருக்கினேன், சற்று நெருங்கி வந்தார். பிறகு புருவத்தைப் பார்த்தேன். நான் இரண்டு புருவத்தையும் ஒரே உயரத்தில், ஒரே கனத்தில், பியூட்டி பார்லருக்குப் போய் வந்தது போல வரைந்து வைத்திருந்தேன். இடது புருவத்தைத் தூக்கி, இரண்டையும் அடர்த்தியாக்கியதும், சட்டென்று டிரேசிங் பேப்பரில் அவர் தெரிந்தார். ஷேடிங் ஒரு துளி கிடையாது, வெறும் கோடு. 2003இல் பவன் சின்ஹா என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பிரபலங்களின் போட்டோவில் கண்ணை அழித்தும், புருவத்தை அழித்தும் சோதித்தார்கள். கண் இல்லாத முகத்தைவிடப் புருவம் இல்லாத முகத்தை அடையாளம் காண்பதுதான் மக்களுக்குக் கடினமாக இருந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் இமை முடி ஒவ்வொன்றாக வரைந்த நேரத்தைப் புருவத்துக்குக் கொடுத்திருப்பேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அந்தப் பெண்ணின் படத்தில் காது முகத்தை ஒட்டி வந்துவிட்டது, தலையின் பின்பக்கம் குறைந்திருந்தது. திரும்பிய முகத்தில் இது அடிக்கடி நடக்கும், கடைக்கண்ணிலிருந்து காது வரை ஒன்றுமில்லாத அந்தப் பரப்பைக் கை சுருக்கிவிடும். அளவுக்கு மார்க் போட்டால் அங்கே குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஜாடை கெடவில்லை. பழகிய முகத்தை நாம் பெரும்பாலும் கண், புருவம், மூக்கு, வாய் உள்ள நடுப்பகுதியை வைத்தே அடையாளம் காண்கிறோம், அது அவளிடம் பத்திரமாக இருந்தது. ஆகவே ஒப்பிடும்போது ஜாடைக்கு ஒரு தீர்ப்பு, அளவுக்கு ஒரு தீர்ப்பு என்று தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். “ஆள் இருக்காரு, இல்ல” என்று ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு பேருக்குமே எதைத் திருத்துவது என்று தெரியாது. ஆசிரியர் அவளிடம் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஷேடிங்குக்கு வருவோம், என் பணத்தை விழுங்கிய ஷேடிங். இதைக் கடைசியில்தான் ஒப்பிட வேண்டும். முதலில் பார்த்தால் கண்ணை மயக்கிவிடும். வழவழப்பாகத் தேய்த்த படத்தில் கையெட்டும் தூரத்தில் அளவுக் கோளாறு தெரியவே தெரியாது, “எவ்வளவு நைசா இருக்கு” என்பார்கள். நான் ஒரு துண்டுத் தாளில் ஐந்து கட்டம் போட்டு, வெறும் தாள் வெள்ளையை ஒன்று என்றும் 6பி பென்சிலில் முடிந்தவரை கறுப்பாக்கியதை ஐந்து என்றும் வைத்து, நடுவில் மூன்று படி நிரப்பினேன். இந்தத் துண்டைப் படத்தின் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கி, முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எண் கொடுத்தேன். போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்ப்பதென்றாலும் இந்தத் துண்டு படத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் போன் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துவிடும். அய்யாவின் போட்டோவில் நெற்றி மினுமினுப்பு இரண்டு, வெளிச்சக் கன்னம் மூன்று, நிழல் கன்னம் நான்கு, கண் குழியும் மூக்குத் துளையும் ஐந்து. என் படத்தில் கன்னம் இரண்டு, நிழல் மூன்று, ஐந்து எங்கேயும் இல்லை. கறுப்பான மனிதரை வெளுத்துவிட்டிருந்தேன். டீ மாஸ்டருக்குத் தம்பியாகத் தெரிந்ததில் இதற்கும் பங்கு இருக்கும். வகுப்பில் பயிற்சிக்குத் தந்ததெல்லாம் வெள்ளை பிளாஸ்டர் உருண்டையும் வெளிநாட்டு மாடல்களின் முகப் பிரிண்டும்தான். அதிலே வெளிச்சப் பக்கம் தாளின் வெள்ளைதான். அந்தப் பழக்கத்தோடு நம் ஊர் முகத்தை வரைந்தால் இப்படித்தான் ஆகும். கறுப்புத் தோலில் முதலில் முகம் முழுக்க ஒரு நடுத்தர டோன் போட்டு, மினுமினுப்பை மட்டும் நீடட் ரப்பரால் ஒற்றி எடுக்க வேண்டும். இருட்டாக்கப் பயந்து ஓரத்தில் மட்டும் கறுப்பைக் கூட்டினால் அழுக்குப் பூசியது போல இருக்கும்.

அப்போதே கறுப்பாக்கியிருக்கலாமே என்றால், தாள் இடம் கொடுக்கவில்லை. எச்பி பென்சிலை அழுத்திப் போட்டு, ஸ்டம்ப்பால் தேய்த்துத் தேய்த்துத் தாளின் சொரசொரப்பு அடைபட்டுவிட்டது. அதன் மேல் 6பி போட்டாலும் ஒட்டாமல் வழுக்கும், பளபளப்புத்தான் கூடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பது. ஈயம் போல மின்னினால் அந்த இடம் அடைபட்டுவிட்டது, இனி அங்கே கறுப்பு ஏறாது. சரி, கரிப் பென்சில் போடலாமே என்று போட்டுப் பார்த்தேன், வழுவழுப்பான பென்சில் கிராபைட் மேல் கரி நிற்கவில்லை, உதிர்ந்தது. கரி வேண்டுமென்றால் முதலிலேயே கரி. அந்தப் பெண் ஸ்டம்ப்பே தொடவில்லை, 2பி, 4பி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அடுக்கியிருந்தாள். கிட்டே பார்த்தால் முரடுதான், ஆனால் கோடுகளுக்கு நடுவில் தாள் மூச்சு விட்டது, கடைசியில் தாடைக்கு அடியில் ஐந்தாம் எண் கறுப்பை ஏற்ற அவளுக்கு இடம் இருந்தது. குறை இல்லாமல் இல்லை. எல்லாக் கோடும் ஒரே சாய்வில் போனதால் உருண்ட நெற்றி பலகை போலத் தட்டையாகிவிட்டது. கோடு நெற்றியின் வளைவோடு வளைந்திருக்க வேண்டும்.

இரண்டு படத்திலும் ஷேடிங்கைப் பிரித்துக் காட்டிய இன்னொன்று நிழலின் ஓரம். மூக்குக்கு அடியில் மேலுதட்டில் விழும் நிழல் ஒரு பொருள் மறைப்பதால் விழுவது, மூக்கை ஒட்டிய இடத்தில் அதன் ஓரம் கூர்மையாக இருக்கும். கன்னம் வளைந்து இருட்டுக்குள் போகும் இடத்தில் ஓரம் மெதுவாகக் கரையும். அவள் படத்தில் மூக்கு நிழல் கத்தரித்தது போல நின்றது, அதனாலேயே மூக்கு முன்னால் வந்தது. நான் இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்து மழுக்கியிருந்தேன், முகமே பஞ்சில் செய்தது போல இருந்தது. போதாததற்கு வெளிச்சப் பக்கத் தாடையைச் சுற்றி ஒரு கனமான கோடு. நேரில் அங்கே கோடே இல்லை. ஷேடிங் வகுப்பில் இத்தனை மாதம் தேய்க்கச் சொன்னவர்கள் எங்கே தேய்க்கக் கூடாது என்று சொல்லவே இல்லை.

கடைசியில் என் குறிப்பு நோட்டில் எழுதியது இதுதான்: ஜாடை அவளுக்கு, அளவு அவளுக்கு, காது நீங்கலாக, டோன் அவளுக்கு, நெற்றி, கன்னத்தின் வளைவை உருட்டியதில் நான் மேல். நான்காவதை வைத்துக்கொண்டு முதல் மூன்றையும் சரிசெய்ய 9,000 ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தேன்.

இந்த மாதிரி அளந்து பழக நேர் ஆளோடு ஆரம்பிக்க வேண்டாம். ஆள் அசைவார், இடம் மாறும், வெளிச்சம் மாறும், தப்பு யாருடையது என்றே தெரியாது. ஒரு தட்டையான படத்தைப் பார்த்து அதே அளவில் பிரதி எடுத்தால் டிரேசிங் பேப்பரை மேலே வைத்த நொடியில் எங்கே விலகினோம் என்று தெரிந்துவிடும். 1860களின் பிற்பகுதியில் பிரான்சில் சார்ல் பார்க் என்ற ஓவியர் இதற்கென்றே பிரதி எடுக்கும் படத் தொகுப்பு தயாரித்தார், 1880 வாக்கில் வான் கோ உட்கார்ந்து அதைப் பார்த்து வரைந்திருக்கிறார். அந்தப் படங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிண்ட் எடுக்கப் பக்கத்துக்கு ஐந்து பத்து ரூபாய்தான் ஆகும்.

உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது கூடுதல் வகுப்பில் சேரச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் அவர் கையில் டிரேசிங் பேப்பரைக் கொடுத்து, “சார், எந்த இடம்னு இதுல கோடு போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். சேருவதற்கு முன்பே மாதிரிக்கு நேரில் ஆள் உட்காருவாரா, அட்டையைச் சாய்த்து வைக்க ஏற்பாடு உண்டா, மதிப்பீட்டை எழுத்தில் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஷேடிங் வகுப்பில் பாதி பாக்கி இருந்தபோது நான் விலகிக்கொள்கிறேன், மீதிப் பணத்தைத் தாருங்கள் என்று போய் நின்றேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.